பழுதாக வந்த மெஷின் சரக்குக்கு ஆங்கிலத்தில் புகார்க் கடிதம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சீனாவிலிருந்து நேரடியாக மெஷின் வாங்கும் திருப்பூர் பனியன் கம்பெனிக்காரர்கள், சரக்கு பழுதாக வந்ததும் கேட்கிற கேள்விகள் இவை. பதில் முழுவதும் ஒரே உதாரணத்தை வைத்துப் போகிறது. சர்வோ மோட்டார் வைத்த 30 ஓவர்லாக் மெஷின், நிங்போ துறைமுகத்தில் எஃப்ஓபி விலை, 30 சதவீதம் அட்வான்ஸ், பில் ஆஃப் லேடிங் நகல் வந்ததும் மீதி 70 சதவீதம். தூத்துக்குடியில் இறங்கி, லாரியில் திருப்பூர் வந்தது. விளக்கத்துக்காக அமைத்த உதாரணம்தான். ஆனால் இப்படிப்பட்ட சரக்கில் என்னென்ன நடக்குமோ அவைதான் இதில் இருக்கின்றன.

எங்கிட்ட டைரில கிறுக்குனதுதான் இருக்கு. அதை வச்சு லெட்டர் எழுதிட முடியுமா?

முடியும். ஆனால் டைரியை வரிக்கு வரி ஆங்கிலத்தில் மாற்றினால் அது கடிதம் ஆகாது. நம் உதாரணத்து முதலாளியின் டைரி இப்படி இருக்கிறது:

"செவ்வாய் வண்டி வந்துச்சு. சீல் சரியா இருந்துச்சு. 4 பெட்டி ஈரம், ஒரு பக்கம் நசுங்கல். மெஷின் 30ல 9 ஓடல, E07 காட்டுது. 3ல துரு. மெக்கானிக் மோட்டாரே மட்டம்னு சொல்றார். நூல் ஸ்டாண்ட் 5 கம்மி. வாட்ஸ்அப்ல படத்தோட சொன்னேன், செக் பண்றேன்னுச்சு அந்தப் பொண்ணு. 05/04 போன் போட்டேன், எடுக்கல."

நல்ல குறிப்புதான். குறிப்பாக "சீல் சரியா இருந்துச்சு" என்ற மூன்று சொல் தங்கம். கன்டெய்னர் சீல் உடையாமல், பில் ஆஃப் லேடிங்கில் உள்ள எண்ணோடு பொருந்தி வந்திருந்தால், நூல் ஸ்டாண்ட் வழியில் திருடு போயிருக்கும் என்று சப்ளையர் சொல்ல முடியாது. அங்கே பெட்டி கட்டும்போதே வைக்கவில்லை என்று ஆகிவிடும். சீல் எண்ணை லாரிச் சீட்டிலோ போட்டோவிலோ தேடி எடுத்து வையுங்கள்.

எழுத உட்காருவதற்கு முன்னால் குறிப்பிலிருந்து சில கேள்விகள் எழும். எந்தச் செவ்வாய்? அன்றே 30 பெட்டியையும் பிரித்தீர்களா? ஓடாத 9, துருப்பிடித்த 3, இரண்டும் வேறு வேறு மெஷினா, இல்லை ஏதாவது ஒன்று இரண்டிலும் வருகிறதா? ஈரமான 4 பெட்டிக்குள் இருந்தவை எவை?

கடைசி இரண்டு கேள்விக்கும் ஞாபகத்திலிருந்து பதில் சொல்லக் கூடாது. மெஷின் தலையில் உள்ள சீரியல் எண்ணைப் பார்த்து ஒரு தாளில் 30 வரி எழுதுங்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் நேராகப் பெட்டி காய்ந்ததா ஈரமா, மெஷின் ஓடுகிறதா, துரு உண்டா என்று குறியுங்கள். கன்ட்ரோல் பாக்ஸுக்குத் தனியாக எண் இருந்தால் அதையும் எழுதுங்கள். நம் உதாரணத்தில் இப்படிப் பார்த்ததில், ஓடாத 9 மெஷினில் ஒன்று ஈரப் பெட்டியில் வந்தது என்று தெரிகிறது. அந்த ஒன்றும் துருப்பிடித்த மூன்றில் சேர்ந்ததுதான். ஆகக் குறையுள்ள மெஷின் 12 இல்லை, 11. பன்னிரண்டு என்று எழுதியிருந்தால் சப்ளையர் எண்ணிப் பார்த்துவிட்டு, மற்ற கணக்கையும் சந்தேகப்படத் தொடங்குவார்.

தேதியை எப்படிப் போடணும்? எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கு.

கடிதத்துக்கு நாலு தேதி வேண்டும்: சரக்கு உங்கள் கைக்கு வந்த நாள், பெட்டி பிரித்த நாள், பழுது தெரிந்த நாள், முதலில் தகவல் சொன்ன நாள். இந்த நாலும் ஒன்றல்ல. "செவ்வாய்" என்பது லாரிச் சீட்டைப் பார்த்தால் 2025 மார்ச் 18. அன்று இடம் இல்லாமல் 12 பெட்டி மட்டும் பிரித்திருக்கிறார்கள், மீதியை 24ஆம் தேதி பிரித்தார்கள். வாட்ஸ்அப் போனது 20ஆம் தேதி. அப்படியானால் 20ஆம் தேதி "9 மெஷின் ஓடவில்லை" என்று சொல்லியிருக்க முடியாது. அன்று தெரிந்தது முதல் 12 பெட்டியில் இருந்தவை மட்டும்தான். வாட்ஸ்அப்பைத் திறந்து பார்த்தால் "4 மெஷின்" என்றுதான் இருக்கிறது. கடிதத்தில் 9 என்று மட்டும் எழுதினால், முதலில் 4 என்றவர் இப்போது 9 என்கிறாரே என்று கேட்பார்கள். இரண்டு நாளில் பிரித்தோம், முதல் நாள் 4, இரண்டாம் நாள் 5 என்று எழுதிவிட்டால் அந்தக் கேள்விக்கே இடமில்லை.

05/04 போன்ற தேதியை அப்படியே போடாதீர்கள். நமக்கு அது ஏப்ரல் 5, அமெரிக்க வழக்கத்தில் மே 4. சீனாவில் வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் எழுதுவார்கள். மாதத்தை எழுத்தில் எழுதி, வருடத்தையும் போட்டால் குழப்பமில்லை.

இன்னொன்று. 2025இல் ஏப்ரல் 4 முதல் 6 வரை சீனாவில் சிங்மிங் விடுமுறை, முன்னோர் கல்லறைக்குப் போகும் நாள். 5ஆம் தேதி போன் எடுக்கவில்லை என்று குற்றம் சொல்லி ஒரு வரி எழுதினால், "அன்று அலுவலகமே இல்லையே" என்று அந்த ஒரு வரிக்கு மட்டும் பதில் போட்டுவிட்டு மற்றதை விட்டுவிடுவார்கள். அந்த வரியே வேண்டாம்.

மோட்டார் மட்டம்னு மெக்கானிக்கே சொல்லிட்டார். அதை எழுதிடலாம்ல?

எழுதாதீர்கள். அது மெக்கானிக்கின் அனுமானம். கண்ணால் பார்த்தது வேறு: ஸ்விட்ச் போட்டால் திரையில் E07 வருகிறது, பெடலை மிதித்தால் மெஷின் சுற்றவில்லை. இதை மட்டும் எழுதுங்கள். இந்தக் குறியீட்டின் அர்த்தம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அதனால் திரையில் தெரிவதை எழுத்துப் பிசகாமல் எழுதி, மெஷினோடு வந்த கையேட்டில் அதற்கு என்ன போட்டிருக்கிறது என்பதையும் ஒரு வரி சேருங்கள்.

அனுமானத்தை உண்மையாக மாற்ற ஒரு சுலபமான சோதனை இருக்கிறது. நன்றாக ஓடும் ஒரு மெஷினின் கன்ட்ரோல் பாக்ஸைக் கழற்றி, ஓடாத மெஷினில் மாட்டுங்கள். கரண்டை நிறுத்தி, திரை முழுக்க அணைந்து சில நிமிடம் ஆன பிறகுதான் வயரைப் பிடுங்க வேண்டும், பாக்ஸுக்குள் இருக்கும் கெப்பாசிட்டரில் கரண்ட் கொஞ்ச நேரம் நிற்கும். நல்ல பாக்ஸை மாட்டியதும் மெஷின் ஓடினால், பழுது பழைய பாக்ஸில். நல்ல பாக்ஸை மாட்டியும் அதே குறியீடு வந்தால், பழுது மோட்டாரிலோ அதன் வயரிலோ இருக்கிறது. ஆனால் ஒரு எச்சரிக்கை: மோட்டார் ஷார்ட் ஆகியிருந்தால் நல்ல பாக்ஸையும் எரித்துவிடும். அதனால் முதலில் மல்டிமீட்டரில் மோட்டாரின் மூன்று வயருக்கும் இடையே தடையை அளக்கட்டும். மூன்று ஜோடியும் ஏறக்குறைய ஒரே அளவு காட்ட வேண்டும், எந்த வயரும் மெஷின் உடம்போடு தொடர்பு காட்டக் கூடாது. அப்படி இல்லாத மோட்டாரில் நல்ல பாக்ஸை மாட்டிப் பார்க்க வேண்டாம், அந்த அளவே போதுமான சான்று. வாரண்டி ஸ்டிக்கர் ஒட்டிய மூடியை எந்தக் காரணத்துக்கும் திறக்காதீர்கள், வெளியே உள்ள கனெக்டர் வரைக்கும்தான்.

உதாரணத்தில் ஈரப் பெட்டி மெஷினை ஒதுக்கிவிட்டு மீதி 8 மெஷினைச் சோதித்ததில், 6இல் பழுது பாக்ஸோடு போனது, 2இல் மோட்டார் பக்கமே நின்றது. மெக்கானிக் சொன்னது இரண்டுக்குத்தான் பொருந்தியது. இந்தச் சோதனையால் கடிதமே மாறிவிடுகிறது. "9 மெஷினை மாற்றிக் கொடு" என்று கேட்டால் கப்பல், வரி, மாதக் கணக்கு என்று சப்ளையர் தயங்குவார். "6 கன்ட்ரோல் பாக்ஸ், 2 மோட்டார் ஏர் கூரியரில் அனுப்பு" என்றால் அவருடைய சேல்ஸ் மேனேஜரே கையெழுத்துப் போட்டுவிடக்கூடிய அளவு செலவு.

சோதனை செய்யும்போதே அந்த மெஷின் மாட்டிய பிளக் பாயின்ட்டில் வோல்டேஜை அளந்து, மீட்டர் திரையும் மெஷின் சீரியல் எண்ணும் ஒரே படத்தில் வரும்படி எடுத்துவிடுங்கள். எர்த்தும் சரியாக இருக்கிறதா பாருங்கள். "உங்கள் ஊர் வோல்டேஜ் ஏற்ற இறக்கம்" என்பதுதான் முதலில் வரப்போகும் பதில். நம் வோல்டேஜ் பெயரளவில் 230, அவர்கள் மெஷினில் 220 என்று அச்சிட்டிருக்கும். அந்த வித்தியாசம் சாதாரணமாக ஒரு பொருட்டில்லை. அதே லைனில் மற்ற 21 மெஷினும் E07 வராமல் ஓடுகிறது என்பதும் சேர்ந்தால் அந்தப் பதில் நிற்காது.

துருவுக்கும் அவன்தானே பொறுப்பு? அவன் பெட்டிதானே நனைஞ்சு வந்துச்சு?

அவசியம் அப்படி இல்லை. எஃப்ஓபி விலையில் வாங்கினால், நிங்போவில் சரக்கு கப்பலில் ஏறியதும் அதன் பிறகு வரும் சேதம் வாங்கியவர் பொறுப்பு. அதற்குத்தான் நீங்கள் மரைன் இன்சூரன்ஸ் போட்டிருப்பீர்கள். ஓடாத மெஷின் ஒரு விஷயம், நனைந்த மெஷின் வேறு விஷயம். இரண்டையும் ஒரே கடிதத்தில் கலந்தால், சப்ளையர் "இது கப்பலில் நடந்தது" என்று துருவைக் காட்டியே மற்றதையும் தள்ளிவிடுவார்.

நனைந்ததற்கு மூன்று காரணங்களில் ஒன்று இருக்கும். கன்டெய்னர் கூரையில் ஓட்டை இருந்து கடல் தண்ணீர் இறங்கியிருக்கலாம். குளிர்ந்த இடத்தில் கட்டி வெப்பமான ஊருக்கு வரும்போது உள்ளே வியர்த்து, கூரையிலிருந்து சொட்டியிருக்கலாம். அல்லது மெஷினைச் சுற்றிப் பிளாஸ்டிக் உறையோ சிலிக்கா ஜெல்லோ துரு தடுக்கும் எண்ணெயோ இல்லாமல் வெறும் அட்டைப்பெட்டியில் கட்டியிருக்கலாம். முதல் இரண்டும் இன்சூரன்ஸ் கம்பெனியும் கப்பல் கம்பெனியும் பார்க்க வேண்டியவை. மூன்றாவது மட்டும் சப்ளையருடையது. போதாத பேக்கிங்கால் வந்த சேதத்தைப் பெரிய பாலிசியான இன்ஸ்டிடியூட் கார்கோ கிளாசஸ் 'ஏ' கூட விலக்கிவைக்கிறது. இன்சூரன்ஸ் அந்தக் காரணம் சொல்லி மறுத்தால், அதே காரணம் சப்ளையரிடம் உங்கள் கையில் ஆயுதம் ஆகிறது.

இதை முடிவு செய்வது இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பும் சர்வேயர் வேலை. அவர் வெள்ளி நைட்ரேட் கரைசலை ஒரு சொட்டு ஈரத்தின் மேல் விடுவார், உப்பு இருந்தால் பால் போல வெண்மை திரளும். கடல் தண்ணீரா வியர்வையா என்று அங்கேயே ஓரளவு தெரிந்துவிடும். அவர் வருவதற்கு முன்னால் துருவைத் தேய்த்து எண்ணெய் போட்டுவிடாதீர்கள், பெட்டியையும் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். நல்ல எண்ணத்தில் சுத்தம் செய்துதான் பலர் சான்றை இழக்கிறார்கள். மேற்கொண்டு கெடாமல் ஈரமில்லாத இடத்துக்கு மாற்றி வைப்பது மட்டும் போதும். அதற்கே நேரமாகும் என்று தோன்றினால் இன்சூரன்ஸ்காரரிடம் எழுத்தில் கேட்டுவிட்டுத் தொடுங்கள்.

கப்பல் கம்பெனிக்குத் தனியாக ஒரு சிறு கடிதம் போக வேண்டும். பல பில் ஆஃப் லேடிங்கின் பின்பக்கத்தில், வெளியே தெரியாத சேதத்துக்கு டெலிவரி எடுத்த மூன்று நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்கச் சொல்லியிருக்கும். வழக்குப் போட ஒரு வருடம். நம் முதலாளி மூன்று நாளைத் தவறவிட்டிருக்கிறார். அதனால் உரிமை செத்துவிடவில்லை, சரக்கு நல்ல நிலையில் கொடுக்கப்பட்டது என்று முதலில் எடுத்துக்கொள்வார்கள், இல்லை என்று நிரூபிக்கும் வேலை நம் தலையில் விழும். தாமதமானாலும் அந்தக் கடிதத்தை அனுப்பிவிட வேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனி நமக்குப் பணம் கொடுத்த பிறகு கப்பல் கம்பெனியிடம் வசூலிக்கப் பார்க்கும், அந்த வழியை நாம் அடைத்ததாக இருக்கக் கூடாது.

லெட்டர் கடைசியில எப்படித்தான் இருக்கும்? மாதிரி காட்டுங்க.

ஆங்கிலத்தில் ஒரு பக்கம், அதற்குப் பின்னால் சீரியல் எண் அட்டவணை ஒரு பக்கம். அதற்கு மேல் வேண்டாம். எதிரில் படிக்கிறவருக்கும் ஆங்கிலம் இரண்டாம் மொழி, சிறு வாக்கியமாக எழுதினால் தப்பாகப் புரிந்துகொள்ள வழியில்லை. இங்கே உள்ளடக்கத்தைத் தமிழில் தருகிறேன், இந்த வரிசையிலேயே ஆங்கிலத்தில் எழுதினால் போதும்.

தலைப்பு வரியில் ப்ரொஃபார்மா இன்வாய்ஸ் எண், கமர்ஷியல் இன்வாய்ஸ் எண், பில் ஆஃப் லேடிங் எண், கன்டெய்னர் எண். படிக்கிறவர் அவருடைய கோப்பை உடனே எடுக்க வேண்டும்.

முதல் பத்தி: "மேற்கண்ட இன்வாய்ஸின்படி 30 ஓவர்லாக் மெஷின் 2025 மார்ச் 18 அன்று எங்கள் ஆலைக்கு வந்தது. கன்டெய்னர் சீல் உடையாமல், பில் ஆஃப் லேடிங்கில் உள்ள எண்ணோடு பொருந்தியது. மார்ச் 18 அன்று 12 பெட்டியும் மார்ச் 24 அன்று 18 பெட்டியும் பிரித்தோம். முதல் 12இல் 4 மெஷினும் அடுத்த 18இல் 5 மெஷினும் ஓடவில்லை. முதல் 12இல் கண்ட பழுதை மார்ச் 20 அன்று உங்கள் விற்பனைப் பிரதிநிதிக்குப் படத்துடன் வாட்ஸ்அப்பில் தெரிவித்தோம். பார்ப்பதாக அன்றே பதில் வந்தது."

இரண்டாம் பத்தி: "ஓடாத 9 மெஷினில் 8 மெஷின் உலர்ந்த, சேதமில்லாத பெட்டிகளில் வந்தவை. திரையில் E07 வருகிறது. சீரியல் எண்கள் இணைப்பு 1இல். பேக்கிங் லிஸ்ட்டில் 30 என்று உள்ள நூல் ஸ்டாண்ட் 25 மட்டுமே இருந்தது."

மூன்றாம் பத்தி: "கன்ட்ரோல் பாக்ஸை மாற்றி மாட்டிச் சோதித்தோம். 6 மெஷினில் பழுது பாக்ஸில், 2இல் மோட்டார் பக்கம். மூடி எதையும் திறக்கவில்லை. அதே லைனில் 21 மெஷின் இயல்பாக ஓடுகிறது. வோல்டேஜ் அளவு இணைப்பு 2இல், வீடியோ தனியே அனுப்புகிறோம்."

நாலாம் பத்தியில்தான் கேட்பது: "6 கன்ட்ரோல் பாக்ஸ், 2 மோட்டார், 5 நூல் ஸ்டாண்ட் ஆகியவற்றை உங்கள் செலவில் விமானக் கூரியரில் 2025 ஏப்ரல் 22க்குள் அனுப்பவும். அனுப்புவதை ஏப்ரல் 15க்குள் எழுத்தில் உறுதி செய்யவும்." இரண்டு தேதியும் நாள்காட்டித் தேதி. ஒரு வாரத்தில் என்று எழுதினால் எந்த நாளிலிருந்து எண்ணுவது என்று இழுபறி வரும். நம் ஊர்க் கடிதங்களில் இந்த இடத்தில் 'கைண்ட்லி டூ த நீட்ஃபுல்' என்று முடிப்பார்கள். ஆவன செய்யவும் என்று அவரிடம் விட்டால், அவர் ஆவன செய்ததாகச் சொல்லி ஒரு மன்னிப்பு மின்னஞ்சல் அனுப்புவார்.

ஐந்தாம் பத்தி, இரண்டே வாக்கியம்: "ஈரத்தால் சேதமான மெஷின்கள் பற்றி சர்வே நடக்கிறது, அது குறித்துத் தனியாக எழுதுவோம். ஒப்பந்தப்படியும் சட்டப்படியும் எங்களுக்குள்ள எல்லா உரிமைகளும் அப்படியே இருக்கின்றன." பழுதான மெஷின்களை நீங்கள் பார்வையிட வசதியாகத் தனியே வைத்திருக்கிறோம் என்று ஒரு வரி சேர்த்தால் நல்லது.

ஆர்டர் போனது, வேலையாட்கள் சும்மா இருந்தார்கள், பேர் கெட்டது என்பதெல்லாம் முதல் கடிதத்தில் வேண்டாம். மறைமுக நஷ்டத்தைத் தர மாட்டோம் என்று பெரும்பாலான ப்ரொஃபார்மா இன்வாய்ஸின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும், நிரூபிக்கும் தாளும் வேண்டும். கையில் தாள் சேரட்டும். உரிமைகள் இருக்கின்றன என்று எழுதிய வரி அதற்கு இடம் விட்டு வைத்திருக்கிறது.

கொஞ்சம் காரமா எழுதினாத்தான் பயப்படுவான், இல்லையா?

மாட்டார். முழுப் பணமும் போய்ச் சேர்ந்தாயிற்று. அவரை அசைக்கக்கூடியது அடுத்த ஆர்டரும், மறுக்க முடியாத அட்டவணையும்தான். ஏமாற்றுக்காரன் என்று ஒரு சொல் வந்தால் கடிதம் சர்வீஸ் பிரிவிலிருந்து முதலாளிக்குப் போகும், அங்கே மானப் பிரச்சினை ஆகிவிடும்.

ஓடுற மெஷினை லைன்ல போட்டுட்டேன். அப்புறம் குறை சொல்ல முடியாதுன்னு சொல்றாங்களே?

ஓடும் மெஷினை ஓட்டுங்கள். நீங்கள் கேட்பது சரக்கு முழுவதையும் திருப்பி எடுத்துக்கொள் என்பதல்ல, பழுதுக்குப் பரிகாரம்தான். அந்த இரண்டுக்கும் இடையே சட்டத்தில் பெரிய வித்தியாசம் இருக்கிறது.

இந்தியச் சட்டம் பொருந்தும் ஒப்பந்தமாக இருந்தால், 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் 42ஆம் பிரிவைப் பாருங்கள். வாங்கியவர் விற்றவரின் உடைமைக்குப் பொருந்தாத காரியத்தைச் செய்தாலோ, நியாயமான காலம் கடந்தும் வேண்டாம் என்று சொல்லாமல் வைத்திருந்தாலோ, ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடும். அப்படி ஏற்ற பிறகு பொதுவாகத் திருப்பித் தள்ள முடியாது. ஆனால் நஷ்டஈடு கேட்கவும், விலையில் கழித்துக்கொள்ளவும் 59ஆம் பிரிவு வழி விடுகிறது. ஆகையால் மொத்தச் சரக்கும் வேண்டாம் என்ற எண்ணம் துளியாவது இருந்தால், ஒரு மெஷினையும் தைக்கப் போடாமல், வேண்டாம் என்று தெளிவாக எழுதிவிட வேண்டும். பாதி மனதில் ஓட்டிக்கொண்டே ரிஜெக்ட் என்று எழுதுவது எடுபடாது.

பெரும்பாலும் சீன சப்ளையரின் ஒப்பந்தத்தில் சீனச் சட்டம், அங்கே நடுவர் மன்றம் என்று இருக்கும். 2021இல் நடைமுறைக்கு வந்த சீன சிவில் கோடு 621ஆம் பிரிவும் இதே போக்குதான். பரிசோதனைக் காலம் ஒப்பந்தத்தில் இருந்தால் அதற்குள் சொல்ல வேண்டும், இல்லையென்றால் நியாயமான காலத்துக்குள். எப்படியும் சரக்கு கைக்கு வந்த இரண்டு வருடத்தோடு முடிந்துவிடும், வாரண்டிக் காலம் இருந்தால் இரண்டு வருடத்துக்குப் பதில் அந்தக் காலம். ஒப்பந்தத்தில் "வந்த 15 நாளுக்குள் புகார்" போன்ற ஒரு வரி இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். பெட்டி பிரிக்காமல் குடோனில் போட்டு வைப்பவர்கள் மாட்டுவது அங்கேதான்.

வாட்ஸ்அப்லயே எல்லாம் சொல்லியாச்சே, லெட்டர் எதுக்கு?

வாட்ஸ்அப்பில் பேசிய அந்தப் பெண் நாளை வேலை மாறலாம், அவரோடு அந்த உரையாடலும் போகும். கடிதம் கம்பெனிக்குப் போகிறது. ஒப்பந்தத்தில் கொடுத்த மின்னஞ்சல் முகவரிக்குப் பிடிஎஃப் ஆக அனுப்பிவிட்டு, அதே பிடிஎஃப்பை வாட்ஸ்அப்பிலும் போடுங்கள். பழைய உரையாடலை அழிக்காதீர்கள், போனை மாற்றினாலும் பழைய போனை வைத்திருங்கள். நம் ஊர் நீதிமன்றத்துக்கு வந்தால் மின்னணுப் பதிவுக்குப் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியம் 63ஆம் பிரிவின்படி சான்றிதழ் கேட்பார்கள், அதற்கு அந்தக் கருவி கையில் இருப்பது உதவும்.

"எஞ்சினியரை அனுப்புறோம், டிக்கெட்டும் ரூமும் நீங்க பாத்துக்கங்க"ன்னு பதில் வந்தா?

ஆறு பாக்ஸுக்கு எஞ்சினியர் வேண்டியதில்லை, கனெக்டரைப் பிடுங்கி மாட்டும் வேலை. வேண்டாம் என்று நேராக மறுக்காமல், முதலில் பாக்ஸை அனுப்புங்கள், மாட்டியும் ஓடாவிட்டால் உங்கள் செலவில் எஞ்சினியரை அனுப்புங்கள் என்று எழுதுங்கள். "அடுத்த ஆர்டரில் கழித்துக்கொள்கிறோம்" என்பதும் அடிக்கடி வரும் பதில். அடுத்த ஆர்டர் நிச்சயமாகப் போடப் போகிறீர்கள் என்றால் ஒத்துக்கொள்ளலாம், ஆனால் எவ்வளவு டாலர், எந்தத் தேதிவரை செல்லும் என்று போட்ட கிரெடிட் நோட் வாங்கிய பிறகு. அதுவரை அந்த 8 மெஷின் சும்மா நிற்கும் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

பதிலே வரவில்லையென்றால் ஏப்ரல் 16 அன்று இரண்டாம் கடிதம். அதில் புதிதாக எதையும் சொல்ல வேண்டாம். முதல் கடிதத்தை இணைத்து, கெடு முடிந்தது என்றும் ஒப்பந்தத்தில் உள்ள தகராறுப் பிரிவின்படி நடவடிக்கை எடுப்போம் என்றும் மூன்று வரி. 2,000 டாலர் சாமானுக்கு ஷாங்காயில் நடுவர் மன்றம் போவது செலவுக்குக் கட்டாது என்பது இருவருக்கும் தெரியும். அதனால்தான் கேட்பதைச் சிறியதாகவும் உடனே செய்யக் கூடியதாகவும் வைக்கச் சொல்கிறேன்.

இலவசமா ஸ்பேர் வருது, அதுக்குக் கஸ்டம்ஸ்ல வரி இருக்காதுல்ல?

இருக்கும். காசு வாங்காமல் அனுப்பினாலும் சுங்கத்தில் அதற்கு ஒரு மதிப்பு உண்டு, அந்த மதிப்பின் மேல் வரி உண்டு. இன்வாய்ஸில் விலை பூஜ்ஜியம் என்று போட்டால் அதிகாரி தானே ஒரு மதிப்பைப் போடுவார், பெட்டி நாள்கணக்கில் நிற்கும். நாலாம் பத்தியிலேயே சேர்த்துவிடுங்கள்: இன்வாய்ஸில் உண்மையான மதிப்பைக் காட்டி, "பழுதுக்கு மாற்றாக இலவசமாக அனுப்பப்படுகிறது, மதிப்பு சுங்கத்துக்காக மட்டும்" என்று எழுதி, பழைய இன்வாய்ஸ் எண்ணையும் குறிப்பிடட்டும். வரியும் கிளியரிங் செலவும் யாருடையது என்பதையும் அங்கேயே எழுதிக் கேளுங்கள், பிறகு கேட்டால் கிடைக்காது.

பழுதான மெஷினையே திருப்பி அனுப்பும் நிலை வந்தால், சுங்கச் சட்டம் 1962இன் 74ஆம் பிரிவில் கட்டிய வரியில் 98 சதவீதம் வரை திரும்பப் பெற வழி இருக்கிறது. வரி கட்டிய இரண்டு வருடத்துக்குள் அனுப்ப வேண்டும், வந்த அதே மெஷின்தான் போகிறது என்று அதிகாரிக்குக் காட்ட வேண்டும், பயன்படுத்தியிருந்தால் சதவீதம் குறையும். அந்த அடையாளம் காட்டுவதற்கும் உதவப் போவது, முதலில் எழுதச் சொன்ன அந்த 30 வரி சீரியல் எண் தாள்தான். அதனால் அதில் ஒரு நகலைக் கிளியரிங் ஏஜென்ட்டிடம் இப்போதே கொடுத்து, பில் ஆஃப் என்ட்ரியோடு சேர்த்து வைக்கச் சொல்லுங்கள்.